கெப்ளரின் தாயையும் பாடத்தில் சேருங்கள்: வரலாற்று ஆசிரியர்களுக்கும் பாடநூல் எழுதுவோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று சொல்லி மனிதர்களைக் கொன்ற வரலாற்றை நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் இரண்டு வரிகளில் சொல்லி முடித்துவிடுகிறோம். இருண்ட இடைக்காலத்தில் திருச்சபை லட்சக்கணக்கான பெண்களை உயிரோடு எரித்தது என்பது முதல் வரி. பிறகு அறிவியல் வந்தது, மூடநம்பிக்கை ஒழிந்தது என்பது இரண்டாவது வரி. இவை தவறு என்பதோடு, மாணவர்கள் புரிந்துகொள்ள வேண்டிய விஷயத்தையே மறைத்தும் விடுகின்றன. அதனால்தான் இந்த மடல்.

காலத்தை முதலில் சரி செய்துகொள்வோம். விசாரணைகள் உச்சத்தில் இருந்தது ஏறத்தாழ 1560 முதல் 1650 வரை. அச்சுப் புத்தகம் பரவி, கொலம்பஸ் போய் வந்து, கோப்பர்நிக்கஸின் நூல் வெளியாகி முடிந்த பிறகு நடந்தவை இவை. எண்ணிக்கையையும் சரி செய்ய வேண்டும். தொண்ணூறு லட்சம் பேர் என்ற கணக்கு, 1784-இல் ஃபோய்க்ட் என்ற ஜெர்மானியர் ஒரே ஊரின் சில பழைய வழக்குகளை வைத்துக்கொண்டு ஐரோப்பா முழுமைக்கும் பெருக்கிப் போட்டது. இன்று ஆவணங்களை நேரில் படித்தவர்கள் சொல்வது, மூன்று நூற்றாண்டுகளில் நாற்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் பேர் வரை கொல்லப்பட்டார்கள் என்பது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். பாதிப் பேர் ஜெர்மன் மொழி பேசிய பகுதிகளைச் சேர்ந்தவர்கள். எண் குறைந்ததால் கொடுமை குறைந்துவிடாது. ஆனால் கேள்வி மாறுகிறது. சூனியத்தை நம்பாத ஊர் அன்று ஐரோப்பாவில் கிடையாது. அப்படியிருந்தும் பல ஊர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை, சில ஊர்களில் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். ஏன்?

இதற்கு விடை தேட நல்ல வழக்கு ஒன்று இருக்கிறது. அதில் வரும் பெயர் நம் மாணவர்களுக்கு இயற்பியல் பாடத்திலேயே பழக்கம். கோள்களின் இயக்கத்துக்கு மூன்று விதிகள் தந்த யோஹன்னஸ் கெப்ளரின் தாய் கத்தரீனா, சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்டுப் பதினான்கு மாதம் சிறையில் கிடந்தவர். மகன் தன் மூன்றாம் விதியை வெளியிட்ட 1619-இல், தாய் மீதான வழக்கு நடந்துகொண்டிருந்தது.

கத்தரீனா வாழ்ந்தது தென்மேற்கு ஜெர்மனியில், வுர்ட்டம்பெர்க் ஆட்சிக்குட்பட்ட லியோன்பெர்க் என்ற சிறிய ஊரில். கணவர் பல ஆண்டுகளுக்கு முன்பே வீட்டை விட்டுப் போனவர், திரும்பவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. மூலிகைக் கஷாயம் போடத் தெரியும். கேட்டவர்களுக்கும் கொடுப்பார், கேட்காதவர்களுக்கும் கொடுப்பார். வாய் கொஞ்சம் துடுக்கு, அடுத்தவர் வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கமும் உண்டு. அறுபதுகளின் கடைசியில் இருந்தார்.

1615-இல் ஊர்சுலா ரைன்போல்ட் என்ற கண்ணாடித் தொழிலாளியின் மனைவி, கத்தரீனா கொடுத்த பானத்தைக் குடித்த பிறகுதான் தனக்கு உடம்பு கெட்டது என்று சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பானத்தைக் குடித்து அதற்குள் சில ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. இருவரும் முன்பு நன்றாகப் பழகியவர்கள்தாம். நடுவில் கத்தரீனாவின் இளைய மகன் கிறிஸ்டோஃபுக்கும் ஊர்சுலாவுக்கும் சண்டை வந்தது. அவளுடைய பழைய நடத்தையை அவர் இழுத்துப் பேசிவிட்டார். அதற்குப் பிறகுதான் ஊர்சுலாவுக்கு அந்தப் பானம் நினைவுக்கு வந்தது.

மாணவர்கள் இந்த இடத்தில் நிதானமாக நிற்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஊர்சுலா வேண்டுமென்றே பொய் சொன்னாள் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அவளுக்கு வலி இருந்தது உண்மை. அவளுடைய சகோதரர் ஒருவர் அரண்மனை நாவிதர். அன்றைய நாவிதர்களே ரணவைத்தியமும் பார்ப்பவர்கள் என்பதால் அவரும் மருந்து கொடுத்துப் பார்த்தார், தீரவில்லை. அன்றைய மருத்துவத்தில் அந்த வலிக்குக் காரணம் சொல்ல ஆளில்லை. ஆறாத வலி, காரணம் தெரியாத தவிப்பு, ஏற்கெனவே மனக்கசப்பு உள்ள ஒரு கிழவி, அவள் கையால் வாங்கிக் குடித்த ஒரு குவளை. நினைவு பின்னோக்கிப் போய் இந்த நான்கையும் முடிச்சுப் போட்டுவிடுகிறது. போட்ட பிறகு அது அனுமானமாகத் தெரிவதில்லை, கண்ணால் கண்டது போலவே தெரிகிறது.

ஊர்சுலா சொன்னது ஊரில் பரவியதும் மற்றவர்களின் நினைவும் அதே திசையில் திரும்பியது. ஊர்ப் பள்ளி ஆசிரியர், மகன் அனுப்பும் கடிதங்களைக் கத்தரீனாவுக்குப் படித்துக் காட்டுபவர். அவர் நொண்டியாகியிருந்தார். சுமையோடு ஒரு பள்ளத்தைத் தாண்டிக் குதித்தபோது அடிபட்டிருந்தது. ஆனால் கத்தரீனா வீட்டில் குடித்த திராட்சை மதுதான் காரணம் என்று இப்போது சொன்னார். ஒரு கசாப்புக்காரருக்கு அவள் கடந்து போனபோது தொடையில் வலி வந்ததாம். ஒரு தையற்காரரின் குழந்தைகள் இறந்திருந்தன. அவள் தொட்டிலின் மேல் குனிந்து ஏதோ முணுமுணுத்தாள் என்றார் அவர். ஒவ்வொன்றும் தனியாக ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சாட்சி அடுத்தவருக்குத் துணிவு தந்தது, அடுத்தவர் சொன்னது முதல் ஆளின் சந்தேகத்தை உறுதியாக்கியது. கடைசியில் குற்றப்பத்திரிகையில் நாற்பத்தொன்பது பிரிவுகள் சேர்ந்தன.

ஏன் பெரும்பாலும் பெண்கள் மாட்டினார்கள் என்பதற்கும் இங்கேயே விடை கிடைக்கிறது. பெண்ணை வெறுத்த மதநூல்களைக் காட்டுவது எளிது. அவற்றுக்குப் பங்கு உண்டுதான். ஆனால் அந்த ஊர் சொன்ன புகார்களைப் பாருங்கள்: பானம், தொட்டில், பிள்ளை, நோய். உணவும் பிரசவமும் குழந்தையும் நோயாளியும் பெண்களின் கையில் இருந்தன. அங்கே ஏதாவது கெட்டால் சந்தேகம் விழுவதும் பெண்ணின் மேல்தான், சந்தேகப்பட்டு முதலில் பேசுவதும் பெரும்பாலும் இன்னொரு பெண்தான். பக்கத்தில் நிற்க ஆண் இல்லாத வயதான பெண் என்றால் பேசுகிறவர்களுக்குத் தயக்கமும் இருக்காது. சமூக அமைப்பு மாறிய இடங்களில் இந்தக் கணக்கும் மாறியது. ஐஸ்லாந்தில் கொல்லப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருமே ஆண்கள்.

பயம் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதுவும் காற்றில் மிதந்து வந்ததல்ல. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் தட்பவெப்பம் கெட்டது. குளிர்காலம் நீண்டது, கோடையில் ஆலங்கட்டி விழுந்தது, திராட்சையும் தானியமும் அழிந்தன, ரொட்டி விலை ஏறியது. 1562 ஆகஸ்டில் தெற்கு ஜெர்மனியில் ஒரு பெரிய ஆலங்கட்டிப் புயல் அடித்தது. அதைத் தொடர்ந்து வீசன்ஷ்டைக் என்ற சிறு ஆட்சிப் பகுதியில் அறுபதுக்கும் மேற்பட்ட பெண்கள் கொல்லப்பட்டார்கள். 1626 மே மாத இறுதியில், பூத்து நின்ற பயிரைப் பனி ஒரே வீச்சில் கருக்கியது. பாம்பெர்க்கிலும் வுர்ட்ஸ்பர்க்கிலும் நடந்த மிகப் பெரிய படுகொலைகள் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. மே மாதத்தில் பனி விழுவது இயற்கை அல்ல, யாரோ செய்கிறார்கள் என்று மக்கள் நினைத்தார்கள். ஆட்சியாளரிடம் போய் நடவடிக்கை எடு என்று கேட்டவர்கள் பல ஊர்களில் இதே சாதாரண மக்கள்தாம். கொலை எப்போதும் மேலிருந்து திணிக்கப்பட்டதென்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால், இந்தப் பாதி விடுபட்டுப் போகும்.

ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் சந்தேகம் மட்டும் ஆளைக் கொல்லாது. லியோன்பெர்க்கில் நடந்ததைத் தொடர்ந்து பாருங்கள். ஊர் அதிகாரி ஐன்ஹார்ன் என்பவர். அவர் வீட்டில் வைத்தே அந்த நாவிதர் வாளை நீட்டி, என் சகோதரிக்கு வைத்த சூனியத்தை எடு என்று கத்தரீனாவை மிரட்டினார். அதிகாரி தடுக்கவில்லை. கெப்ளர் குடும்பம் பயந்து ஒடுங்காமல் ஊர்சுலா மீது அவதூறு வழக்குப் போட்டது. அந்த வழக்கு ஓராண்டுக்கு மேல் இழுத்தடிக்கப்பட்டது. 1616 அக்டோபரில் சாட்சிகளை விசாரிக்கவிருந்த நேரத்தில், செங்கல் சுமந்து போன ஒரு கூலித் தொழிலாளியின் மகள், வழியில் கத்தரீனா தன் கையைத் தட்டியதாகவும் உடனே கை மரத்துப்போனதாகவும் சொன்னாள். பதறிப்போன கத்தரீனா, விஷயத்தை விட்டுவிடுங்கள், ஒரு வெள்ளிக் கிண்ணம் தருகிறேன் என்று அதிகாரியிடமே சொல்லிவிட்டார். அந்த நொடியில் வழக்கு தலைகீழானது. அவதூறுக்கு நீதி கேட்டவர் குற்றவாளிக் கூண்டுக்குப் போனார்.

இங்கேதான் நீதிமன்ற நடைமுறையை விளக்க வேண்டும். இதை நாம் கற்பிப்பதே இல்லை.

பழைய முறையில் குற்றம் சாட்டுபவரே வழக்கை நடத்த வேண்டும், நிரூபிக்காவிட்டால் தண்டனை அவர்மேல் திரும்பும். அதனால் வாய்க்கு வந்ததைச் சொல்ல யோசிப்பார்கள். பிற்காலத்தில் அரசு அதிகாரியே புகாரை எடுத்து விசாரிக்கும் முறை வந்தது. சொன்னவருக்கு ஆபத்து போய்விட்டது. அதே சமயம் மரண தண்டனைக்கு இரண்டு நேரடி சாட்சிகள் வேண்டும், இல்லையென்றால் குற்றவாளியே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சட்டம் கறாராகக் கேட்டது. இது நல்ல விதி. ஆனால் சூனியத்தை நேரில் பார்த்த சாட்சி எங்கிருந்து வரும்? மிச்சமிருப்பது ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றுதான். அதைப் பெற வழி சித்திரவதை. சான்று இல்லாமல் தண்டிக்கக் கூடாது என்ற அக்கறையே சித்திரவதைக் கூடத்தின் கதவைத் திறந்துவிட்டது.

ஜெர்மன் பகுதிகளை உள்ளடக்கிய புனித ரோமானியப் பேரரசின் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1532-இல் கொண்டுவந்த கரோலினா என்ற குற்றவியல் சட்டம் அந்தக் கதவுக்குப் பூட்டும் வைத்திருந்தது. போதுமான அறிகுறிகள் இல்லாமல் சித்திரவதை கூடாது. வாக்குமூலத்தில் சொன்ன விவரங்களைப் போய்ச் சரிபார்க்க வேண்டும். சித்திரவதை முடிந்த பிறகு, வலி இல்லாத நிலையில் அதை மீண்டும் உறுதி செய்ய வேண்டும். சந்தேகம் வந்தால் சட்ட அறிஞர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். இந்தப் பூட்டை மதித்த ஊரில் ஒரு விதமாகவும், உடைத்த ஊரில் வேறு விதமாகவும் கதை முடிந்தது. என் வாதம் முழுவதும் இதுதான்.

கத்தரீனாவை 1620 ஆகஸ்டில், மகள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தபோது இரவோடு இரவாகக் கைது செய்தார்கள். அக்கம்பக்கம் பார்க்காமல் இருக்க ஒரு பெரிய மரப்பெட்டியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். லியோன்பெர்க்கில் நியாயம் கிடைக்காது என்று பிள்ளைகள் முறையிட, வழக்கு கூக்லிங்கன் என்ற ஊருக்கு மாறியது. எழுபது தாண்டிய கிழவியைச் சங்கிலியில் கட்டி இரண்டு காவலர்களை வைத்தார்கள், செலவை அவர் சொத்திலிருந்தே எடுத்தார்கள். அழக் கண்ணீர் வரவில்லை, அதனால் சூனியக்காரி என்றார்கள். வாழ்நாளில் அழுது தீர்த்துவிட்டேன், இனி மிச்சமில்லை என்று அவர் பதில் சொன்னார்.

மூத்த மகன் லின்ஸ் நகரத்திலிருந்து வந்தார். ஒரு நாள் நடவடிக்கைக் குறிப்பில் எழுத்தர், கைதி 'துரதிர்ஷ்டவசமாக' தன் மகன் கணிதர் யோஹன்னஸ் கெப்ளரின் துணையோடு ஆஜரானார் என்று எழுதி வைத்திருக்கிறார். அந்த ஒரு சொல்லில் நீதிமன்றத்தின் மனநிலை தெரிகிறது. ஆனாலும் மகனை வெளியே அனுப்ப முடியவில்லை, ஏனென்றால் சட்டம் வாதிட இடம் தந்திருந்தது. அவர் எல்லா வாதங்களையும் எழுத்தில் கேட்டார். நூற்றிருபத்தெட்டுப் பக்கத்துக்கு எதிர்வாதம் தாக்கலானது. அதில் அவர் சூனியம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று எங்கும் வாதிடவில்லை. ஊர்சுலாவின் நோய் அந்தப் பானத்துக்கு முன்பே இருந்தது, அவள் எடுத்த மருந்துகள் என்னென்ன, எந்தச் சாட்சி எந்த ஆண்டில் என்ன சொன்னார், பிறகு எப்படி மாற்றினார், பள்ளி ஆசிரியரின் கால் எப்போது அடிபட்டது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். அறிவியல் மூடநம்பிக்கையை ஒழித்தது என்ற நம் வரிக்கு இது பொருந்தாது. அன்றைய ஐரோப்பாவின் மிகப் பெரிய விஞ்ஞானிகளில் ஒருவர், சான்று போதவில்லை என்றுதான் தாயைக் காப்பாற்றினார்.

வுர்ட்டம்பெர்க்கில் ஊர் அதிகாரி தானாகச் சித்திரவதைக்கு உத்தரவிட முடியாது. கோப்பு தலைநகர் ஷ்டுட்கார்ட்டுக்குப் போய், அங்கிருந்து டூபிங்கன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர்களிடம் போனது. அவர்கள் விடுதலை சொல்லவில்லை. சித்திரவதைக்கும் அனுமதிக்கவில்லை. கருவிகளைக் காட்டி மிரட்ட மட்டும் சொன்னார்கள். 1621 செப்டம்பர் 28 அன்று தண்டனை நிறைவேற்றுபவன் ஒவ்வொரு கருவியாகக் காட்ட, கத்தரீனா, உடம்பிலிருந்து நரம்பு நரம்பாக உருவினாலும் ஒப்புக்கொள்ள என்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்லி மண்டியிட்டு ஜெபம் செய்தார். சில நாளில் விடுதலை. அடுத்த ஏப்ரலில் இறந்துபோனார்.

இதே பேரரசில், இதே சட்டத்தின் கீழ், சில ஆண்டுகள் கழித்துப் பாம்பெர்க். அங்கே ஆட்சியாளரான ஆயர் ஃபுக்ஸ் ஃபான் டோர்ன்ஹைம், சூனியம் அசாதாரணக் குற்றம், வழக்கமான விதிகள் இதற்குப் பொருந்தாது என்ற நிலைப்பாட்டை எடுத்தார். தனிக் குழு வைத்தார். சந்தேகப்பட்டவர்களை அடைக்கவென்றே 1627-இல் ஒரு சிறை கட்டினார். வெளியே யாரிடமும் கருத்துக் கேட்கும் கட்டாயம் இல்லை. ஒருவரைப் பிடித்தால், கூட்டத்தில் வேறு யாரையெல்லாம் பார்த்தாய் என்ற கேள்வி. சூனியக்காரர்கள் இரவில் கூடுகிறார்கள் என்ற நம்பிக்கை அதற்கு அடிப்படை. லியோன்பெர்க்கின் புகார்கள் அக்கம்பக்கத்தின் மனத்தாங்கலோடு நின்றன. பாம்பெர்க்கில் ஒவ்வொரு வாக்குமூலமும் பத்துப் பெயரைப் பெற்றது, அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பெயர் சொல்ல வேண்டியிருந்தது. ஏழைக் கிழவியில் தொடங்கிய பட்டியல் நகரத் தலைவர்களிடம் வந்து சேர்ந்தது. கடுமைக்குத் தடையாக இருந்த அரசவைத் தலைமை அதிகாரி கேயோர்க் ஹான் என்பவரையும் அவர் மனைவியையும் மகளையும் கொன்றார்கள்.

யோஹன்னஸ் யூனியுஸ் அந்நகரத்தின் மேயர்களில் ஒருவர். மனைவியை ஏற்கெனவே கொன்றுவிட்டிருந்தார்கள். 1628 ஜூலை 24 அன்று மகள் வெரோனிகாவுக்குச் சிறையிலிருந்து அவர் இரகசியமாக எழுதிய மடல் இன்றும் இருக்கிறது. நசுக்கப்பட்ட கைகளால் பல நாளாகச் சிறிது சிறிதாக எழுதியது. கைகளைப் பின்னால் கட்டி எட்டு முறை உயரத் தூக்கிக் கீழே விட்டார்கள் என்கிறார். தண்டனை நிறைவேற்றுபவனே அவரிடம் கெஞ்சியிருக்கிறான்: ஐயா, உண்மையோ பொய்யோ, ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுங்கள், உங்களால் தாங்க முடியாது, தாங்கினாலும் விடமாட்டார்கள். அவர் ஒரு கதையைக் கட்டிச் சொன்னார். பிறகு பெயர்கள் கேட்டார்கள். யாரையும் தெரியாது என்றதும் தெருத் தெருவாகக் கேட்டு, ஒவ்வொரு தெருவிலும் யாரையாவது சொல் என்று வற்புறுத்தினார்கள். சொன்னார். குற்றமற்றவனாக உள்ளே வந்தேன், குற்றமற்றவனாகச் சித்திரவதைப்பட்டேன், குற்றமற்றவனாகச் சாகிறேன் என்று மகளுக்கு எழுதினார். ஆகஸ்டில் கொன்றார்கள். பாம்பெர்க்கில் அந்தச் சில ஆண்டுகளில் பல நூறு பேர் இப்படி முடிந்தார்கள். தப்பி ஓடியவர்கள் பேரரசரின் நீதிமன்றத்தில் முறையிட்டு, அங்கிருந்து உத்தரவுகள் வந்து, சுவீடன் படையும் நெருங்கிய பிறகே அது நின்றது.

திருச்சபைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எழுதும்போது ஸ்பெயினையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பாம்பெர்க்கின் ஆயர் கத்தோலிக்கர், வுர்ட்டம்பெர்க் லூத்தரன், ஆக மதப்பிரிவைக் கொண்டு விளக்க முடியாது. திருச்சபைக்கு மாறான நம்பிக்கைகளைத் தண்டித்த விசாரணை மன்றம் என்றாலே நமக்கு நடுங்கும். அந்த ஸ்பானிய விசாரணை மன்றம் 1610-இல் லோக்ரோன்யோவில் ஆறு பேரை எரித்தது உண்மை. ஆனால் அங்கிருந்த நீதிபதிகளில் ஒருவரான சலசார் அடுத்த ஆண்டு வடக்கு ஸ்பெயினின் பாஸ்க் கிராமங்களுக்கு நேரில் போனார். ஆயிரத்தெண்ணூறு பேர் அளவில் வாக்குமூலம் கொடுத்தார்கள். பெரும்பான்மையினர் குழந்தைகள். கூட்டம் நடந்த இடம் எது என்று தனித்தனியாகக் கேட்டு ஒப்பிட்டார். சூனிய மருந்து என்று கொண்டுவந்ததைச் சோதித்துப் பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை. இதைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கும் வரை அங்கே சூனியக்காரரும் இல்லை, சூனியம் வைக்கப்பட்டவரும் இல்லை என்று எழுதினார். 1614-இல் தலைமை மன்றம் அதை ஏற்றுக் கடுமையான சான்று விதிகளைக் கொண்டுவந்தது. அந்த மன்றத்தின் கையில் சூனியத்துக்காக எரிப்பது அதோடு ஏறக்குறைய முடிந்துபோனது. அந்தச் சலசார் சாத்தானை நம்பாதவர் அல்ல.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவைதாம். அடுத்த முறை பாடத்தைத் திருத்தும்போது 'இடைக்காலம்' என்ற சொல்லையும் லட்சக்கணக்கு என்ற எண்ணையும் எடுத்துவிடுங்கள். கொலைக் கம்பத்துப் படத்துக்குப் பதிலாகக் கத்தரீனாவின் வழக்கை நான்கு பக்கத்தில் தாருங்கள். ஊர்சுலாவின் புகார், பள்ளி ஆசிரியரின் சாட்சி, மகனின் எதிர்வாதம், டூபிங்கன் கருத்து என நான்கு துண்டுகளாகக் கொடுத்து, ஊர்சுலாவின் பேச்சில் எது கண்டது, எது ஊகித்தது என்று மாணவர்களையே கோடு போடச் சொல்லுங்கள். யூனியுஸின் மடலை அதற்குப் பிறகு படிக்கக் கொடுங்கள். இரண்டு ஊர்களிலும் எந்த இடத்தில் யார் கேள்வி கேட்டிருக்கலாம், யாருக்குக் கேட்க அதிகாரம் இருந்தது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். இயற்பியல் ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள்: மூன்றாம் விதியைக் கரும்பலகையில் எழுதும் அன்று, 1619-இல் அதை வெளியிட்டவரின் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஐந்து நிமிடம் சொல்லுங்கள்.

மரியாதையுடன்,
உங்கள் பாடங்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் ஒரு வரலாற்று வாசகர்